டெக்னிக்கல் உரை கேட்டேன், வாழ்க்கைப் பயணம் கொடுத்தீர்கள்

பெங்களூரின் தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு உரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு நிறுவனத்தின் கேண்டீனில் நாற்பது நாற்காலி போட்டு நடக்கும் மீட்டப்பிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் நடக்கும் மாநாடு வரை, யார் மேடையேறுவது என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். சம்பளமில்லாத வேலை. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இருநூறு முன்மொழிவுகளைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் எந்தக் கூட்டத்தின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கிற சிலருக்கு 'இது நம்மளைத்தான்' என்று தோன்றினால் தோன்றட்டும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. தரவுத்தளப் பொறியாளர். மதுரையிலிருந்து 1996-ல் இந்த ஊருக்கு வந்தேன், அல்சூரில் குடியிருக்கிறேன். முதலில் ஆரக்கிள், பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக போஸ்ட்கிரெஸ். ஐம்பத்தோரு வயதில் நான் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் குழுவையே கலைத்துவிட்டது. அதற்குப் பிறகு தனியாக ஆலோசகர் வேலை செய்கிறேன். ஆலோசகருக்கு வேலை விளம்பரத்தால் வருவதில்லை. எங்கோ ஒரு தரவுத்தளம் படுத்துவிடும்போது, அங்கே இருக்கும் நான்கு பேரில் ஒருவருக்காவது 'அன்றைக்கு ஒருத்தங்க இதைப் பற்றிப் பேசினாங்களே' என்று ஞாபகம் வந்தால்தான் என் போன் அடிக்கும். அதாவது உங்கள் மேடைதான் என் கடைவாசல். புகழுக்கு ஆசைப்பட்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். இரண்டு ஆண்டுகளில் உங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒன்பது முன்மொழிவுகள் அனுப்பினேன். மூன்று தேர்வாயின. ஆறு திரும்பின. அந்த ஆறில் நான்கை நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மீதி இரண்டுக்கு வந்த பதில்கள்தான் இந்த மடலுக்குக் காரணம். ஒன்றில், "எங்கள் பார்வையாளர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நீங்கள் உங்கள் முப்பதாண்டுப் பயணத்தைப் பற்றி ஒரு உரையாடலாகப் பேசினால் அவர்களுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று வந்தது. இன்னொன்றில், பெண்களுக்கான அமர்வில் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளித்தேன் என்று பேசும்படி கேட்டிருந்தார்கள். இரண்டுமே மிக மரியாதையான கடிதங்கள். நான் அனுப்பியிருந்ததோ, ஒரு டிரான்ஸாக்‌ஷன் மறந்துபோனதால் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் தரவுத்தளம் ஒரு வியாழக்கிழமை காலையில் எழுதுவதை எப்படி நிறுத்தியது என்பதைப் பற்றிய நாற்பது நிமிட உரை, லைவ் டெமோவோடு. அந்த டெமோவைப் பற்றி இரண்டு கடிதத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நிராகரிப்பு நியாயமானதா இல்லையா என்று நான் கண்டுபிடிக்கும் வழி இவ்வளவுதான்: பதில் உரையைப் பற்றிப் பேசுகிறதா, ஆளைப் பற்றிப் பேசுகிறதா? "டெமோவுக்கு நாற்பது நிமிடம் போதாது", "இதே தலைப்பில் போன ஆண்டு ஒருவர் பேசிவிட்டார்", "யாருக்கான உரை என்று தெளிவாக இல்லை" என்றெல்லாம் வந்தால் அது உரையைப் பற்றியது. வாங்கிக்கொண்டு திருத்தலாம். "புதிய குரல்கள்", "எனர்ஜி", "எங்கள் வயதுப் பிரிவு", "பயணம்" என்று வந்தால் முன்மொழிவை யாரோ மூடிவைத்துவிட்டு போட்டோவைப் பார்த்திருக்கிறார்கள்.

அது என்ன உரை என்று சொல்லாமல் மேலே போனால் என் கட்சி எடுபடாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தரவுத்தளக்காரர்களுக்கு இது பிடிக்கவும் செய்யும்.

போஸ்ட்கிரெஸில் எதையாவது எழுதும் ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனுக்கும் ஒரு எண் கொடுக்கப்படும். அந்த எண் 32 பிட். மொத்தம் சுமார் 430 கோடி எண்கள், வட்டமாகச் சுற்றுபவை. எந்த ஒரு கணத்திலும் அதில் பாதி 'கடந்தவை', பாதி 'வரப்போகிறவை' என்று கணக்கு. ஆகவே கையில் இருப்பது சுமார் 210 கோடிதான். அட்டவணைகளில் உள்ள பழைய வரிகளை 'இது எல்லோருக்கும் பழையது' என்று முத்திரை குத்தி உறையவைக்கும் வேலையை வேக்குவம் செய்கிறது. நீக்கப்பட்ட வரிகளை அகற்றுவதும் அதன் வேலைதான். அது ஒழுங்காக நடக்கும்வரை எண்கள் தீரவே தீராது. நடக்காமல் போனால், கடந்தவை வரப்போகிறவையாகத் தெரிய ஆரம்பித்து, இருக்கிற தரவே காணாமல் போகும். அந்த ஆபத்துக்கு முன்னால் போஸ்ட்கிரெஸ் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். 14ஆம் பதிப்பிலிருந்து, 4 கோடி எண்கள் மீதம் இருக்கும்போது எச்சரிக்கை தொடங்கும், 30 இலட்சம் மீதம் இருக்கும்போது புதிய எண் கொடுப்பதை நிறுத்திவிடும். படிக்கலாம், எழுத முடியாது.

அந்த நிறுவனத்தில் நொடிக்குச் சராசரியாக நானூறு எழுத்து டிரான்ஸாக்‌ஷன்கள். ஒரு நாளைக்கு மூன்றரைக் கோடி. 210 கோடி தீர இரண்டு மாதம் போதும். எச்சரிக்கை தொடங்கியதிலிருந்து கதவு சாத்தும்வரை அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளும் கொஞ்சமும். அந்த எச்சரிக்கை லாக் ஃபைலில் வந்துகொண்டே இருந்தது. லாகைப் பார்த்து அலாரம் அடிக்க யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அறிகுறிகள் இருந்தன. அட்டவணைகள் வீங்கிக்கொண்டே போயின. இரண்டு முறை டிஸ்க்கைக் கூட்டினார்கள். ஆட்டோவேக்குவம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிறது, ஆனால் எதையும் அகற்ற முடியவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. வியாழன் காலை எழுதுவது நின்றதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். பலனில்லை. பிழைச்செய்திக்குக் கீழே போஸ்ட்கிரெஸ் ஒரு குறிப்பு கொடுக்கும். அந்தப் பதிப்பில் அதன் முதல் வரி, சர்வரை நிறுத்தி ஒற்றைப் பயனர் முறையில் வேக்குவம் செய்யச் சொல்லும். அதையும் செய்தார்கள், மூன்று மணிநேரம் போனது, பலனில்லை. பழைய பிரிப்பேர்டு டிரான்ஸாக்‌ஷன்கள் இருந்தால் முடித்துவிடு என்று சொல்லும் வரி அதற்கும் கீழே இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர்கள் முதல் வரியைத்தான் படிப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலில் கேட்டது, "ஜாவா பக்கத்தில் எங்கேயாவது எக்ஸ்ஏ பயன்படுத்துகிறீர்களா?" என்றுதான். இரண்டு அமைப்புகளில் எழுதுவதை ஒன்றாகச் சேர்த்து உறுதிசெய்யும் முறை அது. ஒரு பையன் யோசித்துவிட்டு, "இரண்டு மாதத்துக்கு முன்னால் பேமென்ட் கியூவையும் டேட்டாபேஸையும் சேர்த்து கமிட் பண்ண முயற்சி பண்ணினோம் மேடம், சரிப்படாமல் விட்டுவிட்டோம்" என்றான். இந்த இரண்டு வரிகளைப் போடச் சொன்னேன்:

```sql
SELECT datname, age(datfrozenxid) FROM pg_database ORDER BY 2 DESC;
SELECT gid, prepared, owner, database FROM pg_prepared_xacts ORDER BY prepared;
```

முதலாவதில் எண் 210 கோடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டாவதில் ஒரே ஒரு வரி, இரண்டு மாதம் பழையது. இரு கட்ட கமிட்டின் முதல் கட்டம் முடிந்து, இரண்டாம் கட்டத்துக்கு யாரும் வராமல் அநாதையாக நின்ற டிரான்ஸாக்‌ஷன். பிரிப்பேர்டு டிரான்ஸாக்‌ஷன் டிஸ்க்கில் எழுதப்படுவது. ரீஸ்டார்ட் செய்தாலும் அது போகாது, போகக்கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது இருக்கும்வரை வேக்குவம் அதைத் தாண்டிப் போகாது. பேமென்ட் பக்கத்தில் அந்த ஆர்டர் ரத்தானதா என்று உறுதி செய்துகொண்டு, அதே தரவுத்தளத்துக்குள் போய் `ROLLBACK PREPARED` கொடுத்தோம். ஒரு நொடி வேலை. அப்புறம் எண் பின்தங்கிய பெரிய அட்டவணைகளுக்குச் சாதாரண `VACUUM`. பயத்தில் `VACUUM FULL` போடப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது. அதற்கே ஒரு புதிய எண் வேண்டும், அந்த நிலையில் அது தோற்றுப்போகும். இரவு ஏழரைக்கு எழுதுவது திரும்பியது.

எனக்கு எப்படி உடனே எக்ஸ்ஏ ஞாபகம் வந்தது? 1997-ல் ஆரக்கிள் 7-ல் இதே அநாதையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்கு `DBA_2PC_PENDING` என்று ஒரு வியூ உண்டு, காலையில் வந்ததும் அதைப் பார்ப்பது எங்கள் வழக்கம். இன்று போஸ்ட்கிரெஸில் `max_prepared_transactions` இயல்பாகவே பூச்சியம், பெரும்பாலானவர்கள் அந்த வசதியைத் தொடுவதே இல்லை. அதனால்தான் அது இருக்கிறது என்பதே அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் பட்ட சூடு அன்றைக்கு இருபது நிமிடத்தில் விடையைக் கொடுத்தது. என் வயதைப் பற்றி அந்த உரையில் வரும் ஒரே இடம் இதுதான், அது அங்கே வேலை செய்கிறது.

இந்த இடத்துக்கு நான் நேராக வந்துவிடவில்லை. மேலே சொன்ன நான்கு நியாயமான நிராகரிப்புகள் இப்போது வருகின்றன. என் முதல் முன்மொழிவின் தலைப்பு: 'தரவுத்தளத் துறையில் முப்பது ஆண்டுகள்: நான் கற்ற பாடங்கள்.' படித்துப் பாருங்கள், நீங்கள் எனக்கு வாழ்க்கைப் பயணத்தைத் தந்தது தப்பே இல்லை, நானே அதைத்தான் கேட்டிருக்கிறேன். சுருக்கத்தின் முதல் வரியும் 'முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்ட' என்றுதான் தொடங்கியது. எண் பெரிதாக இருந்தால் மதிப்பு கூடும் என்று நினைத்தேன். படிப்பவருக்கு அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: இவர் பழையவர். என்ன தெரியும் என்று அது சொல்வதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே வேலையை முப்பது முறை செய்தவரும் அதே வரியைத்தான் எழுதுவார்.

நான்காவது முறை திரும்பிய பிறகு மாற்றினேன். தலைப்பு: 'டிஸ்க்கில் இடம் இருக்கிறது, சிபியு சும்மா இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் எழுத மறுக்கிறது.' முதல் பத்தியில் அந்த வியாழக்கிழமை. இரண்டாவதில், கேட்பவர் திங்கட்கிழமை அலுவலகம் போய் எந்த இரண்டு வரியைப் போட்டுப் பார்க்கலாம், எந்த எண்ணுக்கு அலாரம் வைக்கலாம் என்பது. உறையவைக்காத மிகப் பழைய எண்ணிலிருந்து 20 கோடி எண்கள் கடந்தால் ஆட்டோவேக்குவம் தானே கட்டாயமாகக் கிளம்பும், அதுதான் இயல்பான அமைப்பு, அதனால் 50 கோடிக்கு ஒரு அலாரம் வைத்தால் ஏதோ தடுக்கிறது என்று நிதானமாகக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். மூன்றாவதில், இந்த உரை யாருக்கு இல்லை என்பது. தன்னைப் பற்றிய குறிப்பு என்ற கட்டத்தில், 'போஸ்ட்கிரெஸ் எழுத மறுத்து நிற்கும்போது அழைக்கப்படும் ஆலோசகர், பெங்களூரு' என்று ஒரே வரி. ஆண்டுக்கணக்கு எங்கேயும் இல்லை. மறைக்கவில்லை. எடுத்துக்காட்டில் 1997 என்று இருக்கிறதே, கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

மறைப்பதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். வேலை போன புதிதில் ஒரு நண்பர் சொன்னார், ரெஸ்யூமேயில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை மட்டும் வை, பட்டம் வாங்கிய வருடத்தை எடுத்துவிடு, தலைக்கு மை போட்டு ஒரு போட்டோ எடு என்று. மையைத் தவிர மற்றதைச் செய்தேன். அழைப்புகள் கூடின, அது உண்மை. ஆனால் வீடியோ காலில் கேமராவைப் போட்டதும் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும். அதற்குப் பிறகு நடப்பது நேர்காணல் இல்லை, உபசாரம். ஒருவர் "இந்த டீமின் சராசரி வயது இருபத்தேழு, உங்களுக்கு ஒத்துவருமா மேடம்?" என்று என் நலனில் அக்கறையோடு கேட்டார். மறைப்பதால் கதவு திறக்கவில்லை, மூடும் இடம்தான் தள்ளிப்போனது. அதனால் உங்கள் இணையதளத்தில் போட நான் அனுப்பும் படம் போன மாதம் எடுத்தது. நரை நரையாகவே இருக்கிறது. மேடையில் நிற்பவரும் படத்தில் இருப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் உங்கள் தன்னார்வலர்களுக்கும் வசதி. ஒருமுறை பதிவு மேசையில் இருந்த பெண், "ஆன்ட்டி, யாரைக் கூட்டிக்கொண்டு போக வந்தீர்கள்?" என்று அன்பாகக் கேட்டாள். பதினொன்றரை மணி உரை என்னுடையது என்றேன். பாவம், அந்தப் பெண் மதியச் சாப்பாடு வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மன்னிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என் முதல் உரை ஐந்து நிமிடம், கோரமங்களாவில் ஒரு அலுவலகத்தின் மூன்றாம் மாடி, முப்பது பேர். அதை வீடியோ எடுத்திருந்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடம் இப்படிப் போயிருந்தது: "உங்களில் பாதிப் பேர் பிறக்கும் முன்பே நான் எஸ்கியூஎல் எழுத ஆரம்பித்துவிட்டேன்", சிரிப்பு. "இந்தப் பாட்டியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்", சிரிப்பு. "ஸ்லைடு கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும்", சிரிப்பு. யாரும் கேட்காத மன்னிப்பை மூன்று தவணையாகக் கொடுத்திருக்கிறேன். சிரித்து முடித்த கூட்டம் போனை எடுத்துவிட்டது, அது வீடியோவில் நன்றாகவே தெரிகிறது. இந்தப் பெண் தன்னையே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் அது அவர்கள் தப்பா?

அடுத்த முறை மேடையேறியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் திரையில் அந்தப் பிழைச்செய்தியைப் போட்டேன். "இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?" இரண்டு கை. "பார்த்த அன்றைக்கு எத்தனை மணிநேரம் போனது?" பின்வரிசையிலிருந்து ஒருவர், "பதினாலு" என்றார். அதற்கப்புறம் ஒரு போனும் வெளியே வரவில்லை.

அந்த உரையின் சாரத்தைப் பிறகு எழுதியும் வைத்தேன். தலைப்பாக அந்தப் பிழைச்செய்தியையே அப்படியே போட்டேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, என் வயதுக்காரர்கள் யாராவது இந்த மடலைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தேடுவது பிழைச்செய்தியைத்தான். எழுதியவருக்கு என்ன வயது, முடி கறுப்பா வெள்ளையா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை, அந்த இரண்டு வரி வேலை செய்ததா என்றுதான் பார்ப்பார்கள். மூன்று மாதம் கழித்து வைட்ஃபீல்டிலிருந்து முதல் அழைப்பு வந்தது, அப்படித் தேடியவர்தான். அதன் பிறகு வந்த வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே பிரச்சினையின் அண்ணன் தம்பிகள்: நகல் சர்வருக்காகப் பழைய பதிவுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட், வெள்ளிக்கிழமை திறந்துவைத்துவிட்டுப் போன டிரான்ஸாக்‌ஷன். தரவுத்தளம் முழுவதும் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரே ஒரு நோவுக்கு வைத்தியர் என்று பெயர் வந்ததும் கூப்பிட்டார்கள்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்றில் பெயர், படம், தன்குறிப்பு எதுவும் இல்லாமல் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்து மதிப்பெண் போடுங்கள். பல மாநாடுகள் ஏற்கெனவே செய்கிற வழிதான், முன்மொழிவு வாங்கும் மென்பொருள்கள் சிலவற்றில் அதற்கென்று அமைப்பே இருக்கிறது. இல்லாவிட்டால், ஒருவர் அந்தக் கட்டங்களை நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஒரு தாளாக அனுப்பினாலும் போதும். இதற்கும் எல்லை உண்டு. இந்த ஊரில் போஸ்ட்கிரெஸ் எண் தீர்வதைப் பற்றிப் பேசுபவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான், என் சுருக்கத்தைப் படித்ததுமே சிலருக்கு யாரென்று தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றில் எப்படியும் பெயரைத் திறந்தாக வேண்டும், ஒரே நிறுவனத்திலிருந்து நான்கு பேர் வந்துவிடாமல் பார்க்க வேண்டுமே. ஆனாலும் உரையின் மதிப்பெண் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் யாராவது காரணம் சொல்லியாக வேண்டும். 'எனர்ஜி' என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.

அனுபவ ஆண்டுகளைக் கேட்கும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். 0–2, 3–5, 6–10, 10+ என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்காரரும் நானும் ஒரே பெட்டியில். அதை வைத்து நீங்கள் எதை முடிவு செய்கிறீர்கள்? முதன்முறை பேசுகிறவர்களுக்கு இடம் ஒதுக்கத்தான் என்றால், "இதற்கு முன் மேடையில் பேசியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஐம்பத்து மூன்று வயதில் நானும் அந்தப் பெட்டியில் டிக் போட்டிருப்பேன். 'புதிய குரல்' என்பதற்கு 'இளைய குரல்' என்று எந்த அகராதியிலும் பொருள் இல்லை.

டெக்னிக்கல் உரை அனுப்பியவருக்கு வாழ்க்கைப் பயண அமர்வை மாற்றாகக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நாங்கள் அழ மாட்டோம். அந்த அமர்வுகளில் பேசும் மூத்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, விருப்பமுள்ளவர்கள் பேசட்டும். ஆனால் அதில் பேசியவரை யாரும் தரவுத்தளம் நின்ற அன்று கூப்பிட மாட்டார்கள். பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள் என்று ஒரு பொறியாளரிடம் கேட்கிற இடத்தில் அவருக்குத் தொழில் வருவதில்லை. போஸ்ட்கிரெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் பெர்க்லியில் அதைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கருக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது, 2014ஆம் ஆண்டின் டூரிங் விருதை வாங்கியபோது எழுபது கடந்திருந்தார். அவரை மேடைக்கு அழைத்தால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் சமநிலை எப்படி என்றா கேட்பீர்கள்? (இந்த மாதிரிப் பெரிய மனிதர்களைக் காட்டி வாதாடுவது எனக்கே பிடிக்காது. டூரிங் விருது வாங்காதவர்களுக்கும் நாற்பது நிமிடம் கிடைக்க வேண்டும்.)

சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை, காட்டச் சட்டமும் இல்லை. நம் அரசியல் சாசனத்தின் 15, 16ஆம் பிரிவுகள் பாகுபாட்டுக்கான காரணங்களாக மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன, வயது அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஊழியர்களுக்கென்று 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே தனியார் துறையில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. அதனால் இதெல்லாம் உங்கள் படிவத்திலும் உங்கள் ஸ்பிரெட்ஷீட்டிலும்தான் மாற வேண்டியிருக்கிறது.

மேடை ஏற்பாட்டில் ஒன்றிரண்டு சின்ன விஷயங்கள். கேள்வி நேரத்தில் கேட்பவர் கையிலும் ஒரு மைக் கொடுங்கள். ஹாலின் பின்பக்கத்திலிருந்து வரும் கேள்வி எனக்குச் சரியாகக் கேட்பதில்லை, இருபத்தைந்து வயதுக்காரருக்கும் கேட்பதில்லை, அவர் கேட்ட மாதிரி தலையாட்டிவிடுகிறார். டெமோவில் என் டெர்மினலின் எழுத்து அளவு 28. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட எனக்கு அதற்குக் குறைவாக இருந்தால் படிக்க முடியாது. ஒருமுறை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இது கொஞ்சம் பெரிதாக இல்லையா என்று கேட்டார். உரை முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து மூன்று பேர் வந்து, இன்றைக்கு எங்களுக்குப் படிக்க முடிந்த ஒரே டெமோ இதுதான் என்றார்கள். எல்லோருக்கும் அதையே விதியாக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த மடலோடு அடுத்த கூட்டத்துக்கான என் முன்மொழிவையும் அனுப்பியிருக்கிறேன், பெயரும் படமும் தனித்தாளில். இந்த முறை ரெப்ளிகேஷன் ஸ்லாட்டைப் பற்றி. ஒரு சோதனை சர்வரை அணைத்தவர்கள் அதன் ஸ்லாட்டை நீக்க மறந்ததால் ஞாயிறு விடியற்காலையில் டிஸ்க் நிறைந்த கதை. நாற்பது நிமிடம், அதில் டெமோ பதினெட்டு. உரை பலவீனமாக இருந்தால் எங்கே என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், திருத்தி மறுபடி அனுப்புவேன். தேர்வானால் ஹாலில் எச்டிஎம்ஐ கேபிள் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். போன முறை இல்லை, அல்சூரிலிருந்து என் தம்பி மகன் மெட்ரோவில் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்புடன்,
ஒரு தரவுத்தளப் பொறியாளர்
அல்சூர், பெங்களூரு